எம்ஆர்என்ஏ எப்படித் தயாராகிறது? தொப்பி, வெட்டி ஒட்டல், வால்: முதலாண்டு மாணவர்களின் கேள்விகளும் பீட்டா குளோபின் ஜீனை வைத்துப் பதில்களும்

படியெடுத்தல் நடந்ததும் ஆர்என்ஏ கையில் வந்துவிட்டதே, அப்புறம் எதற்கு இத்தனை வேலை?

கையில் வந்திருப்பது முன்-எம்ஆர்என்ஏ. அதை அப்படியே ரைபோசோமிடம் கொடுத்தால் உருப்படியான புரதம் எதுவும் வராது. இரண்டு முனைகளும் திறந்து கிடக்கின்றன, முனையிலிருந்து ஒவ்வொரு நியூக்ளியோடைடாகக் கடித்துத் தின்னும் நொதிகள் செல்லில் ஏராளம். நடுவிலோ புரதத்துக்குத் தேவைப்படாத இன்ட்ரான்கள் உட்கார்ந்திருக்கின்றன. போதாக்குறைக்கு யூகேரியோட்டு செல்லில் ஆர்என்ஏ தயாராவது உட்கருவில், ரைபோசோம் வேலை செய்வது வெளியே சைட்டோபிளாசத்தில். அதனால் வெளியே அனுப்பும் முன் சரிசெய்துகொள்ள செல்லுக்கு இடமும் நேரமும் கிடைக்கின்றன.

இந்தப் பக்கம் முழுக்க ஒரே ஜீனைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறேன்: மனிதரின் பீட்டா குளோபின். ஹீமோகுளோபினின் ஒரு பாதியைத் தரும் ஜீன் இது. சிறியது, முதிர்ந்த எம்ஆர்என்ஏவில் மிஞ்சும் எக்சான் மூன்றே, வெட்டப்படும் இன்ட்ரான் இரண்டே. அதைவிட முக்கியமாக, இதில் எங்கே எந்த எழுத்து மாறினால் என்ன கெடுகிறது என்பது ஹீமோகுளோபின் குறையும் தலசீமியா நோயாளிகளின் வழியாக நன்றாகத் தெரிந்திருக்கிறது. எக்சான் 1-ல் 142 நியூக்ளியோடைடு, இன்ட்ரான் 1-ல் 130, எக்சான் 2-ல் 223, இன்ட்ரான் 2-ல் 850, எக்சான் 3-ல் 261. கூட்டிப் பாருங்கள்: 1606. இன்ட்ரான்களைக் கழித்தால் மிஞ்சுவது 626. ஐந்தில் மூன்று பங்கு வெட்டி எறியப்படுகிறது! மனித ஜீன்களின் வழக்கப்படி பார்த்தால் இதுவே குறைவுதான்.

முதலில் தொப்பி, அடுத்து ஸ்பிளைசிங் எனும் வெட்டி ஒட்டல், கடைசியில் பாலிஏ வால். இந்த வரிசையை எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா?

கிடைக்கலாம், ஆனால் படியெடுத்தல் முழுதாக முடிந்தபிறகுதான் இந்த மூன்றும் ஆரம்பிக்கின்றன என்று நினைத்துவிடாதீர்கள். பாடநூல் படங்களில் மேலே முழு முன்-எம்ஆர்என்ஏ, அதன் கீழே தொப்பி போட்டது, அதன் கீழே வால் ஒட்டியது என்று அடுக்கடுக்காகப் போட்டிருப்பதால் வரும் குழப்பம் இது.

நடப்பது வேறு. ஆர்என்ஏ பாலிமரேஸ் 2 ஜீன் மேல் ஓடிக்கொண்டிருக்கும்போதே வேலை தொடங்கிவிடுகிறது. ஆர்என்ஏவின் நீளம் 20 முதல் 30 நியூக்ளியோடைடு ஆனதும், அதாவது முனை பாலிமரேஸுக்கு வெளியே தலைகாட்டியதுமே தொப்பி ஏறிவிடும். முதல் இன்ட்ரான் வெளியே வந்துவிட்டால் அதை வெட்டும் கூட்டம் அதன் மேல் கூடத் தொடங்கும், அப்போது பாலிமரேஸ் இன்னும் தூரத்தில் எங்கோ படியெடுத்துக்கொண்டிருக்கும். சில இன்ட்ரான்கள் மட்டும் வால் ஒட்டிய பிறகு வெட்டப்படுகின்றன. ஆக, தொப்பி முதலில் என்பது உறுதி. மற்ற இரண்டுக்கும் கறாரான வரிசை கிடையாது.

இதையெல்லாம் கோர்த்து வைத்திருப்பது பாலிமரேஸ் 2-இன் பின்புறம் நீண்டு தொங்கும் ஒரு வால் பகுதி, சிடிடி என்பார்கள். ஏழு அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே துணுக்கு அதில் திரும்பத் திரும்ப வருகிறது, மனிதரில் 52 முறை. அந்தத் துணுக்கின் ஐந்தாம் இடத்து செரினில் பாஸ்பேட் ஏறினால் தொப்பி போடும் நொதிகள் வந்து ஒட்டும். ஓட்டம் தொடரத் தொடர இரண்டாம் இடத்து செரினில் பாஸ்பேட் கூடும், அப்போது வால் பக்கத்து வேலையைச் செய்யும் புரதங்கள் வந்து சேரும். பாலிமரேஸ் 1, 3 இரண்டுக்கும் இந்தச் சிடிடி இல்லை, அவை தரும் ஆர்என்ஏக்களுக்கு இந்தத் தொப்பியும் போடப்படுவதில்லை.

தொப்பி போடுவது என்றால் வேதியியல்படி என்ன நடக்கிறது? எந்த பாஸ்பேட் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் எப்போதும் சறுக்குகிறேன்.

பாஸ்பேட்டை எண்ணிக்கொண்டே போனால் சறுக்காது. புதிதாகப் பிறந்த ஆர்என்ஏவின் 5′ முனையில் மூன்று பாஸ்பேட் இருக்கும், ஏனென்றால் அந்த முதல் நியூக்ளியோடைடு ட்ரைபாஸ்பேட்டாக வந்து அப்படியே உட்கார்ந்தது.

முதல் நொதி, ட்ரைபாஸ்பேட்டேஸ், கடைக்கோடியில் உள்ள ஒன்றை வெட்டிவிடுகிறது. மிச்சம் இரண்டு. அடுத்து குவானிலைல்டிரான்ஸ்ஃபரேஸ் ஜிடிபி என்ற குவானோசின் ட்ரைபாஸ்பேட் ஒன்றை எடுத்து, அதன் வெளி இரண்டு பாஸ்பேட்டைப் பைரோபாஸ்பேட்டாகத் தள்ளிவிட்டு, ஒரே பாஸ்பேட்டோடு மிஞ்சும் ஜிஎம்பியை ஆர்என்ஏ முனையில் மாட்டுகிறது. இரண்டும் ஒன்றும் மூன்று. ஆகவே தொப்பிக்கும் ஆர்என்ஏவுக்கும் நடுவே உள்ள மூன்று பாஸ்பேட்டில் இரண்டு ஆர்என்ஏவுடையது, ஒன்று ஜிடிபியுடையது. மூன்றாவதாக ஒரு மெத்தில்டிரான்ஸ்ஃபரேஸ் அந்த குவானினின் ஏழாம் இடத்து நைட்ரஜனில் மெத்தில் தொகுதியை வைக்கிறது. மனிதரில் முதல் இரண்டு வேலைகளையும் ஒரே புரதம்தான் செய்கிறது. இதற்கு மேலும் முதல் நியூக்ளியோடைடின் 2′ ஆக்சிஜனில் இன்னொரு மெத்தில் ஏறுவது உண்டு. முதலாண்டுக்கு அது தெரிந்தால் போனஸ்.

இந்தக் கதையில் பார்க்க வேண்டிய இடம் பிணைப்பின் திசை. ஆர்என்ஏவில் ஒவ்வொரு பிணைப்பும் 3′-இலிருந்து 5′-க்குப் போகும். தொப்பி மட்டும் தலைகீழாகத் திரும்பி, 5′-க்கு 5′ என்று முகத்தோடு முகம் பார்த்தபடி ஒட்டியிருக்கிறது. முனையிலிருந்து கடிக்கும் 5′ எக்சோநியூக்ளியேஸுக்குப் பிடிமானம் வேண்டுமானால் சாதாரணமான 5′ பாஸ்பேட் முனை தேவை, இங்கே அது இல்லை. அதனால்தான் தொப்பி இருக்கும்வரை அந்தப் பக்கத்திலிருந்து சிதைவு தொடங்குவதில்லை. பாதுகாப்பு ஒன்று போதாதென்று, உட்கருவில் தொப்பியைப் பிடிக்கும் ஒரு புரதச் சோடி வெளியேற்றத்துக்கும் முதல் இன்ட்ரானை வெட்டுவதற்கும் உதவுகிறது, சைட்டோபிளாசத்தில் eIF4E என்ற புரதம் அதே தொப்பியைப் பிடித்து ரைபோசோமின் சிறிய பாகத்தை அழைத்து வருகிறது.

பீட்டா குளோபினில் தொப்பி கெட்டுப்போன நோயாளிகள் உண்டா?

ஸ்பிளைசிங் கெட்டவர்கள் உண்டு, வால் கெட்டவர்கள் உண்டு. தொப்பிக்கு அப்படி ஒரு பட்டியல் இல்லை, காரணத்தை யோசித்தால் புரியும். தொப்பி போடும் நொதி எந்த எழுத்து வரிசையையும் தேடுவதில்லை. பாலிமரேஸ் 2-இலிருந்து வெளியே வரும் 5′ ட்ரைபாஸ்பேட் முனை, அவ்வளவுதான் அதற்கு வேண்டியது. ஒரு ஜீனில் ஓர் எழுத்து மாறினால் அந்த முனை இல்லாமல் போய்விடாது. நொதியே பழுதானால் ஒரு ஜீன் மட்டுமல்ல, செல்லே பிழைக்காது.

அறிக்கைகளில் "கேப் சைட்" மாற்றம் என்று பீட்டா குளோபினுக்கு ஒன்று காணலாம். அது படியெடுத்தல் தொடங்கும் முதல் எழுத்தில் உள்ள மாற்றம், அவ்வளவே. தொப்பி ஏறவில்லை என்று அதற்குப் பொருள் இல்லை.

மற்ற இரண்டு படிகள் நேர் எதிர். அவை ஆர்என்ஏவில் எழுதியிருக்கும் குறிகளைப் படித்துத்தான் நடக்கின்றன. குறியில் ஓர் எழுத்து பிசகினால் அந்த ஜீன் காலி.

இத்தனை எழுத்துகளுக்கு நடுவே இன்ட்ரான் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று செல்லுக்கு எப்படித் தெரிகிறது?

இன்ட்ரான் GU-வில் தொடங்கி AG-யில் முடியும் என்று படித்திருப்பீர்கள். உண்மைதான், ஆனால் அது மட்டும் போதாது என்பது சற்று யோசித்தாலே விளங்கும்: நான்கெழுத்து மொழியில் GU-வும் AG-யும் எங்கு பார்த்தாலும் வரும். எனவே சுற்றியுள்ள எழுத்துகளும் சேர்ந்துதான் குறியாகின்றன. பீட்டா குளோபினின் இன்ட்ரான் 1-ஐயே பார்ப்போம். செங்குத்துக் கோடு எக்சான்–இன்ட்ரான் எல்லை, புள்ளிகள் நடுவில் விட்ட பகுதி:

```
CUGGGCAG|GUUGGUAUC ..... CACUGACUCUCUCUGCCUAUUGGUCUAUUUUCCCACCCUUAG|G
```

இடது எல்லையில் GU, அதைச் சுற்றி யு1 என்ற சிறிய உட்கரு ஆர்என்ஏவின் முனையோடு இணைசேரக்கூடிய சில எழுத்துகள். வலப்பக்கத் துண்டில் CACUGAC என்ற இடத்தில் கடைசி C-க்கு முன்னால் ஒரு A இருக்கிறதல்லவா, அதுதான் கிளைப்புள்ளி. இன்ட்ரானின் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி எண்ணினால் 37-வது. அதற்குப் பிறகு U-வும் C-யும் மலிந்த ஒரு நீட்சி, பாலிபிரிமிடின் பகுதி. கடைசியில் AG.

கிளைப்புள்ளி A-யிலிருந்து கடைசி வரை ஒரு முறை விரலை வைத்துப் படித்துப் பாருங்கள். கடைசி AG-யைத் தவிர வேறொரு AG நடுவில் இல்லை. இதை நினைவில் வையுங்கள், கீழே வேண்டும்.

வெட்டி ஒட்டும் கூட்டமான ஸ்பிளைசோசோமின் படத்தில் யு1, யு2, யு4, யு5, யு6 என்று ஒரே கூட்டம். யார் என்ன செய்கிறார்கள்?

யு1 இடது எல்லையைப் பிடிக்கும். யு2 கிளைப்புள்ளிப் பகுதியோடு இணைசேரும், அப்படிச் சேரும்போது அந்த A மட்டும் துணையில்லாமல் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்படி விட்டுவிடும். அப்புறம் யு4, யு5, யு6 மூன்றும் ஒரே மூட்டையாக வந்து சேரும். யு4-இன் வேலை யு6-ஐ அதுவரை கட்டிப்போட்டு வைப்பது. நேரம் வந்ததும் யு1-உம் யு4-உம் விலகும், விடுபட்ட யு6 இடது எல்லையில் யு1 இருந்த இடத்தைப் பிடித்து யு2-உடன் சேர்ந்து வினை நடக்கும் மையமாகிவிடும். யு5 இரண்டு எக்சான் முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து வைத்துக்கொள்கிறது. யு3 எங்கே என்று கேட்காதீர்கள், அது ரைபோசோம் ஆர்என்ஏ தயாரிக்கும் இடத்தில் வேலை பார்க்கிறது.

வெட்டி ஒட்டுவது இரண்டே வினைகள். துருத்தி நிற்கும் A-யின் 2′ ஹைட்ராக்சில் தொகுதி இடது எல்லையில் உள்ள பாஸ்பேட்டைத் தாக்கும். எக்சான் 1 விடுபடும், இன்ட்ரானின் முதல் G அந்த A-யோடு 2′-5′ பிணைப்பில் மாட்டிக்கொள்ளும், சுருக்குப் போட்ட கயிறு போல ஒரு வடிவம் உருவாகும். லேரியட் என்பது இதைத்தான். இரண்டாவதாக, விடுபட்ட எக்சான் 1-இன் 3′ ஹைட்ராக்சில் வலது எல்லையின் பாஸ்பேட்டைத் தாக்கும். எக்சான்கள் ஒட்டிக்கொள்ளும், லேரியட் கழன்று விழும்.

இவ்வளவுக்கும் ஏடிபி எங்கே செலவாகிறது?

பிணைப்பு உண்டாக்குவதில் இல்லை. ஒவ்வொரு வினையிலும் ஒரு பாஸ்போடைஎஸ்டர் பிணைப்பு போகிறது, ஒன்று வருகிறது, கணக்கு சமம். ஏடிபி போவது யு1-ஐ விலக்க, யு4-ஐ யு6-இலிருந்து பிரிக்க, முடிந்ததும் எல்லாவற்றையும் கலைக்க என்று ஆளை மாற்றும் ஹெலிகேஸ்களுக்கு. தேர்வில் "ஏடிபி தேவையா?" என்று மட்டும் கேட்டால் ஆம் என்று எழுதி, எதற்கு என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இன்ட்ரான் எப்படியும் வெட்டி எறியப்படுவதுதானே, அதற்கு நடுவில் ஓர் எழுத்து மாறினால் என்ன கெட்டுவிடும்?

பெரும்பாலும் ஒன்றும் கெடாது. ஆனால் கெடுவதற்குப் பீட்டா குளோபினிலேயே அருமையான எடுத்துக்காட்டு இருக்கிறது. மரபணுப் பரிசோதனை அறிக்கையில் `IVS1-110 (G>A)` என்று எழுதியிருப்பார்கள்: முதல் இன்ட்ரான், 110-ஆம் எழுத்து, G இருந்த இடத்தில் A. சைப்ரஸ், கிரேக்கம், துருக்கி என மத்தியதரைக் கடல் பக்கத்தில் பீட்டா தலசீமியாவுக்கு மிகப் பரவலான காரணங்களில் ஒன்று இது. இன்ட்ரானின் முடிவில் இப்படி மாறுகிறது:

```
இயல்பு    GACUCUCUCUGCCUAUUGGUCUAUUUUCCCACCCUUAG|G
மாறியது   GACUCUCUCUGCCUAUUAGUCUAUUUUCCCACCCUUAG|G
```

UUGG என்பது UUAG ஆகிவிட்டது. கிளைப்புள்ளிக்கும் உண்மையான முடிவுக்கும் இடையே ஒரு AG கூட இல்லை என்று மேலே பார்த்தோம், இப்போது ஒன்று முளைத்துவிட்டது, அதுவும் முன்னால். ஸ்பிளைசோசோம் பொதுவாகக் கிளைப்புள்ளியைத் தாண்டி வரும் முதல் AG-யைத்தான் எடுத்துக்கொள்ளும். அதனால் ஏறத்தாழ 90 சதவீத ஆர்என்ஏக்கள் இந்தப் போலி AG-யில் வெட்டப்படுகின்றன, மீதி 10 சதவீதம்தான் சரியான இடத்தில்.

போலி AG-க்கு அப்பால் உண்மையான எல்லை வரை உள்ள எழுத்துகளை எண்ணினால் 19. இந்த 19-உம் இன்ட்ரானாகப் போக வேண்டியவை, இப்போது எம்ஆர்என்ஏவுக்குள் தங்கிவிட்டன. எக்சான் 1 முடிவது 30-ஆம் கோடானின் முதல் இரண்டு எழுத்தான AG-யில். இயல்பாக எக்சான் 2-இன் முதல் G சேர்ந்து AGG ஆகும், ஆர்ஜினின் வரும். இனி ரைபோசோம் எதைப் படிக்கும்?

```
...GGC AGU CUA UUU UCC CAC CCU UAG
```

AGU செரின், அப்புறம் லியூசின், ஃபினைல்அலனின், செரின், ஹிஸ்டிடின், புரோலின், அடுத்தது UAG. நிறுத்தம். வேடிக்கையைப் பாருங்கள், இங்கே நிறுத்தக் கோடானாகிவிட்ட UAG-யின் AG-தான் இன்ட்ரானின் உண்மையான முடிவுக்குறி. வெட்ட வேண்டிய இடம் என்று சொல்லும் எழுத்துகள் எம்ஆர்என்ஏவுக்குள் தங்கிப்போனதால் புரதத்தை நிறுத்தும் எழுத்துகளாகிவிட்டன. 146 அமினோ அமிலம் இருக்க வேண்டிய சங்கிலி 35-இல் முடிகிறது.

அப்படியானால் செல் முழுக்க அந்த 35 அமினோ அமிலத் துண்டு நிறைந்துவிடுமா?

இல்லை, அதற்கு முன்பே அந்த எம்ஆர்என்ஏ அழிக்கப்பட்டுவிடும். எது தவறான நிறுத்தம் என்று செல் கண்டுபிடிக்கும் வழி ஸ்பிளைசிங்கோடு பின்னிக் கிடக்கிறது என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

இரண்டு எக்சான்கள் ஒட்டும்போது, ஒட்டிய இடத்துக்கு 20 முதல் 24 நியூக்ளியோடைடு முன்னால் ஒரு புரதக் கூட்டை ஸ்பிளைசோசோம் அடையாளமாக விட்டுச்செல்லும். எக்சான் இணைப்புக் கூட்டு என்பார்கள். சைட்டோபிளாசத்தில் முதன்முதலாக ஓடும் ரைபோசோம் வழியில் உள்ள இந்தக் கூட்டுகளையெல்லாம் தட்டிவிட்டுக்கொண்டே போகும். சரியான நிறுத்தக் கோடான் பெரும்பாலும் கடைசி எக்சானில் இருப்பதால், ரைபோசோம் நிற்கும்போது முன்னால் எந்தக் கூட்டும் மிஞ்சியிருக்காது. பீட்டா குளோபினிலும் அப்படித்தான், நிறுத்தம் எக்சான் 3-இல்.

IVS1-110 எம்ஆர்என்ஏவில் ரைபோசோம் எக்சான் 2-இன் வாசலிலேயே நின்றுவிடுகிறது. அதற்கு முன்னால் எக்சான் 2 முழுவதும், 223 நியூக்ளியோடைடு, படிக்காமல் கிடக்கிறது, அதன் கடைசியில் ஓர் எக்சான் இணைப்புக் கூட்டு தட்டப்படாமல் உட்கார்ந்திருக்கிறது. கடைசி இணைப்புக்கு 50–55 நியூக்ளியோடைடுக்கும் மேல் முன்னால் நிறுத்தம் வந்தால் அது சந்தேகத்துக்குரியது என்பது பொதுவான விதி; 223 அதைத் தாராளமாகத் தாண்டுகிறது. யுபிஎஃப்1 முதலான புரதங்கள் கூடி எம்ஆர்என்ஏவைச் சிதைக்கும் வேலையைத் தொடங்கிவிடும். அபத்தக் கோடான் வழிச் சிதைவு என்பது இதன் பெயர்.

விளைவு, அரைகுறைத் துண்டு சேர்வதில்லை, ஆனால் பீட்டா சங்கிலியும் கிட்டத்தட்ட இல்லை. சரியாக வெட்டப்பட்ட அந்தப் பத்து சதவீதம் இருப்பதால் மருத்துவர்கள் இதை பீட்டா பிளஸ் வகையில் சேர்க்கிறார்கள். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் இதே மாற்றம் வந்தவர்களுக்கு அந்தக் கொஞ்சம் பெரும்பாலும் போதுவதில்லை, தொடர்ந்து இரத்தம் ஏற்ற வேண்டிவரும்.

இன்ட்ரானின் முதல் எழுத்தே மாறினால்?

`IVS1-1 (G>A)` என்று அதுவும் உண்டு. GU இப்போது AU. இங்கே பத்து சதவீதக் கதையெல்லாம் கிடையாது, சரியான எம்ஆர்என்ஏ வருவதே இல்லை, பீட்டா ஜீரோ. ஆனால் ஸ்பிளைசோசோம் சும்மா இருந்துவிடுவதில்லை, அக்கம்பக்கத்தில் ஓரளவு பொருந்தும் வேறு GU-க்களைத் தேடிப் பிடித்து அங்கே வெட்டுகிறது. எக்சான் 1-க்குள் இரண்டு, இன்ட்ரான் 1-க்குள் ஒன்று என மூன்று மறைந்த இடங்கள் இப்படி விழித்துக்கொள்கின்றன. வெட்டும் இடத்தைக் கெடுத்தால் இன்ட்ரான் அப்படியே தங்கிவிடும் என்று விடைத்தாளில் எழுதுபவர்கள் இதைக் கவனியுங்கள். தங்கலாம், எக்சானே தாவப்படலாம், மறைந்த இடம் விழிக்கலாம். எது நடக்கும் என்று எழுத்துகளைப் பார்த்து மட்டும் அடித்துச் சொல்ல முடியாது, ஆர்என்ஏவை எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஆர்என்ஏவை எடுத்துப் பார்ப்பது என்றால் எப்படி?

எளிய வழி: ஆர்என்ஏவை ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸால் டிஎன்ஏவாக்கி, ஒரு பிரைமரை எக்சான் 1-இலும் மற்றொன்றை எக்சான் 2-இலும் வைத்துப் பிசிஆர் செய்து, ஜெல்லில் ஓட்டுவது. சரியாக வெட்டப்பட்ட எம்ஆர்என்ஏவிலிருந்து 200 கார இணைகள் நீளமுள்ள பட்டை வரும்படி பிரைமர்களை அமைத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். IVS1-110 மாதிரியில் 219-இல் இன்னொரு பட்டை வரும். இன்ட்ரான் 1 முழுதாகத் தங்கியிருந்தால் 330.

இந்த 330-இல் ஒரு பொறி இருக்கிறது. ஆர்என்ஏவோடு ஜீனோம் டிஎன்ஏ கொஞ்சம் கலந்து வந்திருந்தாலும் அதே 330-இல்தான் பட்டை வரும், ஏனென்றால் ஜீனில் இன்ட்ரான் இருக்கத்தானே செய்கிறது. எனவே ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் சேர்க்காத குழாய் ஒன்றையும் கூடவே ஓட்டுவார்கள். அதிலும் 330 தெரிந்தால் அது டிஎன்ஏ கலப்படம், இன்ட்ரான் தங்கியதற்குச் சான்று ஆகாது. இன்னொன்று, ஜெல்லில் 219 பட்டை மங்கலாக இருந்தால் தவறான வெட்டு குறைவு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மேலே சொன்ன சிதைவு அதைத் தின்றுகொண்டிருக்கிறது, மிஞ்சியதைத்தான் பார்க்கிறோம்.

பாலிஏ வாலுக்கு ஜீனின் கடைசியில் வரிசையாக 200 T இருக்குமா?

இருக்காது. வால் டிஎன்ஏவில் எழுதப்பட்டதல்ல, அச்சு இல்லாமல் ஒட்டப்படுவது. டிஎன்ஏவில் இருப்பது எங்கே வெட்ட வேண்டும் என்ற குறிதான், ஆர்என்ஏவில் அது AAUAAA. சிபிஎஸ்எஃப் என்ற புரதக் கூட்டு இதைப் பிடிக்கும். கொஞ்சம் தள்ளி U அல்லது GU மலிந்த பகுதியை சிஎஸ்டிஎஃப் பிடிக்கும். இரண்டுக்கும் இடையில், AAUAAA-விலிருந்து 10 முதல் 30 நியூக்ளியோடைடு தள்ளி, சிபிஎஸ்எஃப்-இன் ஓர் உறுப்பே ஆர்என்ஏவை வெட்டும். பீட்டா குளோபினில் இந்தத் தூரம் சுமார் 20. வெட்டியதும் பாலிஏ பாலிமரேஸ் ஏடிபியை எடுத்து ஒவ்வொரு A-யாக ஒட்டும், பாலூட்டிகளில் ஏறக்குறைய 200 முதல் 250 வரை. அந்த நீளம் வந்ததும் நிறுத்தச் சொல்வது வாலைப் பிடித்துக்கொண்டிருக்கும் புரதங்களே.

பாலிஅடினைலேஷன் என்றாலே A ஒட்டுவது என்று மனதில் பதிந்துவிடுவதால் வெட்டு மறந்துபோகிறது. ஆனால் வெட்டு இல்லாமல் வால் இல்லை. பாலிமரேஸ் 2 அந்த இடத்தைத் தாண்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

சரி, தாண்டி ஓடும் பாலிமரேஸ் எப்போது நிற்கும்?

வெட்டு விழுந்ததும் பாலிமரேஸிலிருந்து தொங்கும் மிச்ச ஆர்என்ஏவுக்கு ஒரு புது 5′ முனை கிடைக்கிறது. அந்த முனையில் தொப்பி இல்லை, ஒற்றை பாஸ்பேட்தான். எக்ஸ்ஆர்என்2 என்ற நொதி அதைக் கவ்வி, பாலிமரேஸைத் துரத்தியபடி ஆர்என்ஏவைத் தின்றுகொண்டே வரும், எட்டிப் பிடித்ததும் பாலிமரேஸ் டிஎன்ஏவிலிருந்து விழும். தொப்பி எதைத் தடுக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது: ஒரே ஆர்என்ஏவின் தொப்பி உள்ள துண்டு பிழைக்கிறது, இல்லாத துண்டு நிமிடங்களில் காணாமல் போகிறது. வெட்டு விழுந்தபின் பாலிமரேஸே இயல்பு மாறி வேகம் குறைந்துவிடுகிறது என்பதையும் சேர்த்துத்தான் இன்று விளக்குகிறார்கள்.

AAUAAA-வில் ஓர் எழுத்து மாறினால் வால் வராதா?

வரும், ஆனால் தவறான இடத்தில். பீட்டா குளோபினில் AAUAAA என்பது AACAAA ஆன குடும்பங்கள் உண்டு, 1985-இல் விவரிக்கப்பட்டது. சிபிஎஸ்எஃப் அதைச் சரியாகப் பிடிக்க முடியாததால் பெரும்பாலான ஆர்என்ஏக்களில் அங்கே வெட்டு விழுவதில்லை. பாலிமரேஸ் போகிறது, போகிறது, சுமார் 900 நியூக்ளியோடைடு தாண்டி அடுத்த AAUAAA வரும்போதுதான் வெட்டும் வாலும் கிடைக்கின்றன. 626 இருக்க வேண்டியது 1500-ஐ ஒட்டி வருகிறது.

இதில் புரதத்தின் எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. நிறுத்தக் கோடான் முன்னாலேயே இருக்கிறது, ரைபோசோம் ஓடினால் முழு பீட்டா சங்கிலி சரியாகவே கிடைக்கும். ஆனாலும் அவர்களுக்குத் தலசீமியா, காரணம் இந்த நீண்ட எம்ஆர்என்ஏ மிகக் குறைவாகவே சேர்கிறது. கொஞ்சம் ஆர்என்ஏ பழைய இடத்திலேயே வெட்டப்படுவதால் இதுவும் பீட்டா பிளஸ்தான்.

எக்சான் என்றால் புரதமாக மாறும் பகுதி என்று எழுதலாமா?

வேண்டாம். எக்சான் என்பது முதிர்ந்த எம்ஆர்என்ஏவில் மிஞ்சும் பகுதி, அவ்வளவுதான். பீட்டா குளோபின் எக்சான் 1-இன் முதல் 50 நியூக்ளியோடைடும் எக்சான் 3-இன் கடைசி 132-உம் எம்ஆர்என்ஏவில் இருக்கும், புரதமாகாது. 626-இல் நிறுத்தக் கோடானையும் சேர்த்து 444 மட்டுமே ரைபோசோம் படிக்கும் பகுதி. AAUAAA இருப்பது கூட எக்சான் 3-க்குள்தான்.

எல்லா எம்ஆர்என்ஏவுக்கும் இந்த மூன்றும் கட்டாயமா?

தொப்பி கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும். ஸ்பிளைசிங், இன்ட்ரான் இருந்தால்தானே? ஹிஸ்டோன் ஜீன்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்ட்ரானே இல்லை, டிஎன்ஏ இரட்டிக்கும் சமயத்தில் வரும் ஹிஸ்டோன் எம்ஆர்என்ஏக்களுக்கு பாலிஏ வாலும் இல்லை. அவற்றின் 3′ முனையில் கொண்டை ஊசி வடிவ மடிப்பு ஒன்று இருக்கும், அதைப் பிடிக்கும் தனிப் புரதம் உண்டு. ஆய்வகத்தில் ஒலிகோ டிடி மணிகளால் எம்ஆர்என்ஏவைப் பிரித்தெடுத்துவிட்டு ஹிஸ்டோன் ஏன் வரவில்லை என்று தேடுபவர்களுக்கு விடை இதுதான்: அந்த மணிகள் பிடிப்பது வாலை.

ஒரே ஜீனிலிருந்து இரண்டு வகை எம்ஆர்என்ஏ வரும் என்கிறார்களே, அது இதில் எங்கே பொருந்துகிறது?

பீட்டா குளோபின் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு அல்ல, அது எப்போதும் ஒரே மாதிரிதான். கால்சிடோனின் ஜீனைப் பாருங்கள். தைராய்டின் சி செல்களில் நான்காம் எக்சான் சேர்க்கப்படுகிறது, அந்த எக்சானிலேயே ஒரு பாலிஏ குறி இருப்பதால் எம்ஆர்என்ஏ அங்கேயே முடிந்துவிடும், கிடைப்பது கால்சிடோனின். நரம்பு செல்களில் நான்காம் எக்சான் தாவப்பட்டு, மூன்றாவது நேரே ஐந்தாவதோடு ஒட்டும், ஆறாவதன் முடிவில் வேறொரு பாலிஏ குறி பயன்படும், கிடைப்பது சிஜிஆர்பி என்ற வேறொரு பெப்டைடு. எங்கே வெட்டி ஒட்டுவது, எங்கே வால் வைப்பது என்ற இரண்டு முடிவுகளும் இங்கே ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகின்றன.

பாக்டீரியாவில் பாலிஏ வால் கிடையாது என்பது சரியா?

முழுக்கச் சரியில்லை. ஈ. கோலையிலும் பாலிஏ பாலிமரேஸ் இருக்கிறது, ஆர்என்ஏவில் A ஒட்டுகிறது. ஆனால் அங்கே அந்த வால் குட்டையானது, அது ஒட்டினால் ஆர்என்ஏ சிதைவது வேகமாகும், 3′ முனையிலிருந்து தின்னும் நொதிகளுக்குப் பிடித்துக்கொள்ள வசதியாக ஒரு நுனி கிடைத்துவிடுகிறது. யூகேரியோட்டு சைட்டோபிளாசத்தில் அதே A வரிசையைப் புரதங்கள் மூடிக்கொண்டிருப்பதால் அது பாதுகாப்பாகிறது. வால் தேய்ந்து அந்தப் புரதங்கள் நிற்க இடமில்லாமல் போனால் அடுத்தது தொப்பியைக் கழற்றும் நொதிதான், அதற்குப் பின் 5′ முனையிலிருந்து சிதைவு.